மெக்கானிக் பேசிய பதிவிலிருந்து ஒரு ரிப்பேர் லிஸ்ட்: எதை முதலில், எவ்வளவில்

அப்பாவின் கார் 2014 மாடல், பெட்ரோல், முன்சக்கர ஓட்டம் உள்ள சின்ன வண்டி. மீட்டரில் 86,400 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து கொடைக்கானல் போக வேண்டியிருந்தது. அதற்கு முன் வண்டியை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம் என்று வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் விட்டோம். அப்பாவால் அன்று வர முடியவில்லை. பணம் கொடுப்பவரும் முடிவெடுப்பவரும் அவர்தான். அதனால் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, அவர் லிஃப்டின் கீழே நின்று விளக்கியதைப் போனில் பதிவு செய்தேன். "பண்ணிக்கங்க, ஆனா யாருக்கும் அனுப்பாதீங்க" என்றார். அது நியாயம்தான். அந்தப் பதிவை அப்பா உட்கார்ந்து படித்து முடிவெடுக்கும்படி ஒரு பட்டியலாக மாற்றிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதிவு செய்யும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வண்டியின் கீழே நிற்கிறவர் பெயர் சொல்லிப் பேசமாட்டார். "இது ஆடுது பாருங்க", "இங்கருந்துதான் வருது", "அதையும் சேத்து மாத்திரலாம்" என்றுதான் பேசுவார். நேரில் நிற்கும்போது விரல் காட்டும் இடம் தெரிவதால் எல்லாம் புரியும். வீட்டுக்கு வந்து காதில் மட்டும் கேட்டால், எது ஆடியது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவர் "இது" என்றபோதெல்லாம் நான் குறுக்கே கேட்டு, பெயரைப் பதிவில் ஏற்றினேன்: "இதுன்னா எதுண்ணே, இடது பக்க லோயர் ஆர்மா?" "ஆமா, அதோட பால் ஜாயின்ட்." பக்கத்தையும் கேட்டுவிட வேண்டும். லிஃப்டில் ஏறிய வண்டியை முன்னாலிருந்து பார்க்கும்போது இடது வலது மாறிவிடும். ஓட்டுநர் உட்காரும் பக்கம் வலது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம்.

பட்டறையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்ததால் சில இடங்களில் குரல் அமுங்கியிருந்தது. அதன் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில் இருக்கும். கீழேயும் மேலேயும் வெட்டினாலே பேச்சு ஓரளவு தெளிந்துவிடும்.

```
ffmpeg -i vandi.m4a -af "highpass=f=200,lowpass=f=3500" vandi_2.wav
```

அப்புறம் முக்கால் வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டேன். முழுவதையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதவில்லை. பழுது, அளவு, விலை, காலம் இவற்றில் ஏதாவது ஒன்று வரும் வாக்கியத்தை மட்டும், அவர் சொன்னபடியே, பதிவில் வரும் நேரத்தோடு எழுதினேன். "அவர் சொன்னபடியே" என்பதில் பிடிவாதமாக இருந்தேன். "பேடு ரெண்டுதான் இருக்கு" என்பதை அப்போதே "பிரேக் பேடு மோசம்" என்று எழுதிவிட்டால், அது என் தீர்ப்பு. அவருடைய அளவு அங்கே காணாமல் போய்விடும். தீர்ப்புக்குத் தனிப் பத்தி வைத்துக்கொள்ளலாம்.

முக்கியமான வாக்கியங்கள் இவை.

00:40 "முன்னாடி பேடு ரெண்டுதான் இருக்கு. பிரேக் ஆயிலும் கறுத்துருச்சு."

02:15 "லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், இடது பக்கம், ஆடுது. மாத்திருங்க."

02:30 "இந்தக் கட கட சத்தம் லிங்க் ராடு. சார் இதத்தான் போன தடவையே சொன்னாரு…"

05:10 "டாப்பெட் கவர் பேக்கிங்லருந்து ஆயில் இறங்குது. பல வண்டி இப்படித்தான் ஓடுது."

06:30 "வாட்டர் பம்ப் ஓரமா கூலன்ட் காஞ்சு வெள்ளையா படிஞ்சிருக்கு. லேசா கசியுது."

08:20 "கிளட்ச் ரொம்ப மேல புடிக்குது. இன்னும் ஒரு அஞ்சாயிரம் ஓடும்."

10:00 "இடது முன் டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு."

10:50 "எல்லாம் சேத்து ஒரு இருபது, இருபத்தஞ்சு வரும்."

இதில் முதல் வேலை எண்களுக்கு அலகு போடுவது. "ரெண்டு" என்பது மில்லிமீட்டர். புதிய பேடில் உராயும் பகுதி பத்து மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும், மூன்றுக்குக் கீழே வந்தால் மாற்றுவது வழக்கம். "அஞ்சாயிரம்" என்பது கிலோமீட்டர், ரூபாய் இல்லை. "இருபது, இருபத்தஞ்சு" ஆயிரம் ரூபாய். கேட்ட சூட்டில் இதெல்லாம் வெளிப்படையாகத் தோன்றும். ஆனால் பட்டியலில் "கிளட்ச் - 5,000" என்று மட்டும் எழுதி அப்பாவிடம் நீட்டினால், அவர் அதைச் செலவு என்றுதான் படிப்பார்.

இரண்டாவது வேலைதான் கடினம். எது அவசரம்?

மெக்கானிக் பேசிய வரிசையை நம்ப முடியாது. சக்கரத்தில் தொடங்கி எஞ்சினுக்குப் போய் மறுபடி டயருக்கு வந்தார். கண்ணில் பட்ட வரிசை அது. எவ்வளவு நேரம் பேசினார் என்பதையும் நம்ப முடியாது. லிங்க் ராடு பற்றி இரண்டரை நிமிடத்துக்கு மேல் பேசியிருக்கிறார். காரணம், அப்பா புகார் சொன்னது அந்தச் சத்தத்தைத்தான். வாடிக்கையாளர் கேட்டதற்குப் பதில் சொல்வது அவர் கடமை. பால் ஜாயின்டுக்குப் பதினைந்து விநாடிதான். அவருக்கு அது விளக்கம் தேவையில்லாத விஷயம். ஆடினால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இரண்டும் கெட்டால் நடப்பது என்ன? லிங்க் ராடு, வண்டி வளைவில் சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கிறது. அது முறிந்தால் சத்தம் பெருகும், வளைவில் வண்டி கொஞ்சம் கூடுதலாகச் சாயும். சக்கரம் அதன் இடத்தில் இருக்கும். பால் ஜாயின்ட் அப்படி இல்லை. சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை லோயர் ஆர்மோடு பிடித்திருப்பது அதுதான். தேய்ந்து குழியிலிருந்து கழன்றால் சக்கரம் சாய்ந்து மடங்கிவிடும். ஸ்டீயரிங் கையில் நிற்காது. ஒன்று தொல்லை, மற்றது விபத்து.

அதனால் ஒவ்வொரு பழுதுக்கும் எதிரே ஒரே கேள்வியை எழுதினேன்: இதைத் தொடாமல் விட்டால் அடுத்து எது கெடும்? பதில் பதிவில் இல்லாத இடங்களை அடையாளமிட்டு, மறுநாள் அண்ணனிடம் போனில் கேட்டேன். இப்படிக் கேட்டபோது அவர் குரலே மாறியது. "எவ்வளவு அவசரம்?" என்று கேட்டால் "பாத்துக்கலாம்" என்பவர், "விட்டா என்னண்ணே ஆகும்?" என்றால் படிப்படியாகச் சொல்கிறார்.

வாட்டர் பம்ப் விஷயத்தில் இது நன்றாகத் தெரிந்தது. பதிவில் "லேசா கசியுது" என்பதோடு நிறுத்திவிட்டார். பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்த வழியாக எட்டிப்பார்க்கும், காய்ந்து பொருக்காகப் படியும். துளையில் ஈரம் வந்தாலே சீல் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பின் பேரிங் கெடும். எங்கள் வண்டியில் பம்பைச் சுற்றும் பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. பேரிங் இறுகி பெல்ட் அறுந்தால் கூலன்ட் ஓட்டமும் நிற்கும், பேட்டரி சார்ஜும் நிற்கும். சூடேறிய எஞ்சினை நிறுத்தாமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். "அப்புறம் பதினஞ்சாயிரத்துக்கு மேல பேசணும்" என்றார். ஊருக்குள் கடைவீதிக்குப் போய்வரும் வண்டியானால், கூலன்ட் அளவைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் தள்ளலாம். வத்தலக்குண்டுக்கு அப்புறம் தொடங்கும் ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டே ஏறும்போது அதைத் தள்ள முடியாது. பழுது ஒன்றுதான், போகிற பாதை அதை மேலே ஏற்றிவிட்டது.

பிரேக் ஆயிலும் அப்படித்தான். கறுத்திருப்பது மட்டும் சிக்கல் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைக்குக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி; ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால் அந்தச் சூடு பேடை அழுத்தும் காலிப்பருக்குள் போகிறது. ஆயில் கொதித்து ஆவியானால் ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பேடு இரண்டு மில்லிமீட்டரில் இருந்தால் சூட்டைத் தடுக்கும் கனமும் குறைவு. பேடு, ஆயில் இரண்டையும் சேர்த்து ஒரே வேலையாக எழுதினேன்.

எஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவரின் கசிவைக் கீழே இறக்கினேன். "பல வண்டி இப்படித்தான் ஓடுது" என்பது உண்மை. ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது: ஆயில் எந்தப் பக்கம் இறங்குகிறது? சைலன்ஸருக்குப் போகும் சூடான மேனிஃபோல்ட் மேல் சொட்டினால் தீய்ந்த வாடை வரும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு. எங்கள் வண்டியில் மறுபக்கம்தான் நனைந்திருந்தது. ஆகவே காத்திருக்கலாம், டிப் ஸ்டிக் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி செலவு. பதிவில் தனித்தனி விலை பாதிக்குத்தான் இருந்தது. மீதியைப் போனில் கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பாகத்தின் விலை தனி, கூலி தனி. இதைப் பிரிக்காமல் மொத்தமாக எழுதினால் இரண்டு விஷயங்கள் தெரியாமல் போகும். ஒன்று, பாகம் கம்பெனியுடையதா, வெளி பிராண்டா என்பதைப் பொறுத்து விலை மாறும், கூலி மாறாது. பேடு வெளி பிராண்டில் 1,300, கம்பெனி பாகம் 1,900 என்றார். அதனால்தான் ஒற்றை எண் எழுதாமல் இரண்டு எண்களுக்கு இடையே எழுதினேன். இரண்டு, ஒரு கூலியில் இன்னொரு வேலையும் முடிந்துவிடும் இடங்கள் இருக்கின்றன. லோயர் ஆர்ம் கழற்றும்போது அந்தப் பக்கம் திறந்தே இருப்பதால், லிங்க் ராடு இரண்டையும் மாற்றத் தனிக் கூலி வேண்டாம் என்றார். சத்தம் மட்டும் போடும் லிங்க் ராடு பட்டியலில் மேலே வந்ததற்கு அதுதான் காரணம். அவசரம் இல்லை, மலிவு.

இந்தப் பட்டியல்தான் அப்பாவிடம் போனது.

| வேலை | பதிவில் | பாகம் + கூலி (ரூ.) | எப்போது |
|---|---|---|---|
| இடது லோயர் ஆர்ம், பால் ஜாயின்டோடு | 02:15 | 1,800–2,400 + 500 | மலைக்கு முன். அதுவரை ஊருக்குள் மட்டும் |
| முன் பிரேக் பேடு | 00:40 | 1,300–1,900 + 300 | மலைக்கு முன் |
| பிரேக் ஆயில் மாற்றம் | 00:40 | 500–600, கூலி சேர்த்து | பேடோடு |
| வாட்டர் பம்ப், பெல்ட், கூலன்ட் | 06:30 | 2,600–3,600 + 900 | மலைக்கு முன் |
| லிங்க் ராடு, இரு பக்கமும் | 02:30 | 700–1,000 | ஆர்ம் மாற்றும்போதே |
| வீல் அலைன்மென்ட் | 10:00 | 600–800 | ஆர்ம் மாற்றியபின், கடைசியாக |
| டாப்பெட் கவர் பேக்கிங் | 05:10 | 300–500 + 400 | அடுத்த ஆயில் சர்வீஸில் |
| கிளட்ச் செட் | 08:20 | 4,500–6,000 + 2,500 | 91,400 கி.மீ. அல்லது ஸ்லிப் ஆனால் உடனே |

அலைன்மென்ட் வரியில் "கடைசியாக" என்று எழுதியது காரணத்தோடு. டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்ததற்கு ஆடும் ஆர்மே காரணமாக இருக்கலாம். முதலில் அலைன்மென்ட் செய்துவிட்டு, பிறகு ஆர்மைக் கழற்றினால் கோணம் மறுபடி மாறிவிடும். கொடுத்த பணம் வீண். மெக்கானிக் டயரைக் கடைசியில் சொன்னது தற்செயல்தான், ஆனால் வேலை வரிசையில் அதன் இடம் அதுவே.

பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். குறைந்தது 16,900, அதிகம் 21,400. அவர் சொன்னதோ இருபதிலிருந்து இருபத்தைந்து. மூவாயிரம் அளவுக்கு இடைவெளி. இப்படி வந்தால் "அவர் தோராயமாகச் சொல்லியிருப்பார்" என்று விடக்கூடாது. அனுபவமுள்ள மெக்கானிக்கின் மொத்தக் கணக்கு பெரும்பாலும் மனத்துக்குள் பாகம் பாகமாகக் கூட்டியதாகத்தான் இருக்கும். இடைவெளி இருந்தால், அவர் மனத்தில் இருந்த ஏதோ ஒரு வேலை வாயில் வரவில்லை. கேட்டபோது அப்படித்தான் சொன்னார்: "வலது பக்க ஆர்மும் சேத்துத்தானே சொன்னேன். அது ஆடல, புஷ் வெடிக்க ஆரம்பிச்சிருக்கு." புஷ் என்றால் ஆர்மை வண்டியோடு பிணைக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர். பதிவை மறுபடி கேட்டாலும் அந்தப் பேச்சு எங்கும் இல்லை. அந்த 2,300 முதல் 2,900 ரூபாயைச் சேர்த்தால் 19,200–24,300. அவர் சொன்ன தொகையோடு பொருந்திவிட்டது.

பிறகு வலது ஆர்மை எங்கே வைப்பது என்ற கேள்வி. இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்தால் அலைன்மென்ட் ஒரு தடவை போதும் என்பது அவர் எண்ணம். நல்ல காரணம்தான். ஆனால் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தபோது வேறு வழி தெரிந்தது. முன்சக்கர ஓட்ட வண்டியில் கிளட்ச் மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு டிரைவ் ஷாஃப்டுகளை உருவ வேண்டும். ஷாஃப்டை உருவ எங்கள் வண்டியில் பால் ஜாயின்டைக் கழற்றியே ஆக வேண்டும். அதாவது கிளட்ச் வேலையின்போது வலது ஆர்ம் எப்படியும் பாதி கழன்றிருக்கும். "அப்ப மாத்தினா கூலி எவ்வளவுண்ணே?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "அப்ப கூலி வேணாம், பாகத்துக்கு மட்டும் குடுங்க" என்றார். அந்த வேலைக்குப் பின் அலைன்மென்ட் எப்படியும் பார்க்க வேண்டியதுதான். வலது ஆர்மைக் கிளட்ச் வரியோடு சேர்த்தேன். நடுவில் அதன் பால் ஜாயின்டில் ஆட்டம் வந்தால் காத்திருக்கக் கூடாது என்ற குறிப்போடு: சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் டக் என்று தட்டும், ஆர்மின் கீழே லிவர் கொடுத்து நெம்பினால் ஜாயின்ட் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

கிளட்ச் பற்றி ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "அஞ்சாயிரம் ஓடும்" என்பது சமதரைக் கணக்கா? மலை ஏறினால்? அவர் என்னையே சோதிக்கச் சொன்னார். காலியான ரோட்டில் நாலாவது கியரில் நாற்பது வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்க வேண்டும். எஞ்சின் இரைச்சல் ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. எங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்தே ஏறின. "அப்ப தாராளமா போலாம். ஏத்தத்துல டிராபிக்ல நின்னா பாதி கிளட்ச்ல புடிச்சு நிக்காதீங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க. அதுல ஆயிரம் கிலோமீட்டர் போயிரும்."

கடைசியாக, பணம் பேசுவதற்கு முன் முழுப் பட்டியலையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். இதைச் செய்யாமல் பட்டியல் முடிந்ததாக நான் வைத்துக்கொள்ளமாட்டேன். நம் மொழியில் எழுதியதை அவர் வாயால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் திருத்தினார்: ஊற்றும் பிரேக் ஆயில் டாட் 4, அந்த விலை அதற்குத்தான். அதன் கொதிநிலை டாட் 3 வகையைவிட உயர்வு என்பதால் மலைக்கு அதுவே நல்லது.

அப்பா பட்டியலின் முதல் ஆறு வரிகளுக்குச் சம்மதம் சொன்னார். அவற்றின் அதிகபட்சக் கணக்கு 12,000. பில் வந்தது 11,650. பேடு கம்பெனி பாகம், ஆர்ம் வெளி பிராண்ட். வாட்டர் பம்பின் ஒரு போல்ட் துரு ஏறி முறிந்து, அதை எடுக்க 300 கூடுதலாக ஆனது. பழைய வண்டியில் பம்ப் வரிக்கு மேலே அப்படி ஒரு தொகையை ஒதுக்கி எழுதுவது நல்லது. பழைய பால் ஜாயின்டை அண்ணன் கையில் கொடுத்தார். விரலால் அசைத்தாலே சுற்றிலும் ஆடியது. மீதமுள்ள வரிகளை அப்பா சர்வீஸ் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிவைத்திருக்கிறார். அடுத்த ஆயில் மாற்றத்தில் டாப்பெட் கவர் பேக்கிங், 91,400 வரும்போது கிளட்சும் வலது ஆர்மும்.